முகம் ஒன்று, உடை ஏழு: ‘துணியை மட்டும் மாத்து’ன்னு சொன்னா ஏஐ வேற எதையெல்லாம் மாத்துது?

தென்காசியில் என் தோழி ஒருத்தி வீட்டில் இருந்தே சேலை விற்கிறாள். கடை கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு இன்ஸ்டா பக்கம், மச்சில் ஒரு பீரோ நிறைய சரக்கு. அவ்வளவுதான். போன சீசனுக்கு முன்னால் போன் பண்ணினாள். “ஏட்டி, நீ மீடியா படிச்சவதானே. ஒரே மூஞ்சிக்கு வேற வேற டிரெஸ் போட்டு ஏஐ-ல படம் எடுத்திருக்கேன். பாத்துச் சொல்லு, இது என் தங்கச்சியா?”

படத்தில் இருந்தது அவளுடைய சித்தி மகள். வயது 26, வேலைக்குப் போகும் பெண். மொட்டை மாடியில் வெள்ளைச் சுவர் முன்னால், சுடிதாரில் நின்று எடுத்த ஒரே ஒரு போட்டோ. அதை வைத்து என் தோழி வரிசையாகப் படம் உருவாக்கி இருந்தாள். பார்த்தேன். முதல் படம் தங்கச்சிதான். இரண்டாவது, தங்கச்சி மாதிரி. நான்காவது, தங்கச்சியின் பணக்கார உறவுக்காரி மாதிரி.

2025 ஆகஸ்ட் கடைசியில் கூகுள் ‘நானோ பனானா’ என்று எல்லோரும் கூப்பிடும் ஜெமினி பட மாடலை வெளியிட்டது. அடுத்த மாதமே நம் டைம்லைன் முழுக்க ஷிஃபான் சேலையும் தங்க நிற வெயிலுமாக மாறிப்போனது நினைவிருக்கும். அது ஒரு முகம், ஒரு உடை. அதன் அடுத்த கட்டம்தான் இந்தப் பட்டியல். ப்ராம்ப்ட்டில் முகம், நிற்கும் விதம், வெளிச்சம் பற்றிய வரியை அப்படியே வைத்துவிட்டு, உடையைச் சொல்லும் வார்த்தைகளை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டுவது. சின்ன வியாபாரிகளுக்கு இது பெரிய ஆசை காட்டுகிறது. போட்டோகிராபர் வேண்டாம், மாடல் வேண்டாம், ஒரு மதியத்தில் கேட்லாக் ரெடி.

இதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘துணியை மட்டும்தான் மாத்தினேன்’ என்பது பட்டியலை எழுதுகிறவர் சொல்வது. படம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்க்காமல் அடுத்தவர் முகத்தை இதில் போடக்கூடாது என்பதுதான் என் கருத்து.

பட்டியல் எப்படி இருந்தது?

தோழி ஓட்டிய ப்ராம்ப்ட்டை வாங்கி, அதில் பூஜ்ஜியம் என்று ஒரு வரியை மட்டும் நான் சேர்த்தேன். அது இதுதான்:

```
Same woman as in the photo. Keep face, hair, pose,
light and background. Change only the clothes to:

0. the same clothes she wears in the photo
1. blue cotton saree with a thin red border
2. maroon silk saree with a gold border
3. green pavadai davani
4. navy blue office blazer
5. black abaya with a headscarf, face visible
6. wet white saree under a waterfall
```

பூஜ்ஜியம் எதற்கு? அதில் உடையும் மாறவில்லை. ‘போட்டோவில் உள்ள அதே துணி’ என்றுதான் கேட்கிறோம். அப்படியும் முகம் மாறி வந்தால், கோளாறு அந்த ஆப்பில் இருக்கிறது. பூஜ்ஜியத்தில் முகம் சரியாக வந்து நான்காவது வரியில் மாறினால், மாற்றியது அந்த உடையின் பெயர். இந்த ஒரு வரி இல்லாமல் எதற்கு எது காரணம் என்று சொல்லவே முடியாது.

ஒவ்வொரு வரியையும் மூன்று முறை ஓட்டினோம். ஒரே ப்ராம்ப்ட் ஒவ்வொரு தடவையும் வேறு படம் தரும் என்பதால், ஒரு படத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மொத்தம் 21 படங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த மொட்டை மாடி ஒரிஜினலையே திரும்பக் கொடுத்தோம். இது முக்கியம். முதலில் வந்த படத்தை எடுத்து அதன் மேல் அடுத்த உடை, அதன் மேல் இன்னொன்று என்று போனால், ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதைதான். ஒவ்வொரு சுற்றிலும் சேரும் சின்ன மாற்றம் ஐந்தாவது சுற்றில் வேறு ஆளாகவே நிற்கும்.

முகம் மாறியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘பாக்க அவ மாதிரியே இருக்கு’ என்பது சோதனை அல்ல. நம் கண் தெரிந்த முகத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதனால் ஒரிஜினலில் இருந்து நான்கு அடையாளங்களை முதலிலேயே எழுதி வைத்தோம்: உதட்டுக்குக் கீழே உள்ள மச்சம், இடது பக்க மூக்குத்தி, வலது புருவத்தின் நடுவில் சின்ன வெட்டு, மாநிறம். நிறத்தைச் சும்மா பார்த்தால் ஏமாந்து போவோம். இரண்டு படத்திலும் கன்னத்தில் ஒரே இடத்தை வெட்டி எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

பூஜ்ஜியத்தில் மூன்று படங்களும் தேறின. மச்சம் இருந்தது, மூக்குத்தி இருந்தது. காட்டன் சேலையும் தாவணியும் அதே மாதிரி. ஆக, ஆப் முகத்தைப் பிடிக்கத் தெரிந்ததுதான்.

பட்டுச் சேலையில் ஆரம்பித்தது. மூன்று படத்திலும் நாங்கள் கேட்காத ஜிமிக்கியும் மல்லிகைப் பூவும் வந்தன. ஒன்றில் வெள்ளைச் சுவர் போய் கோயில் தூண் வந்து நின்றது. பிளேசர் போட்டதும் மூன்றில் இரண்டில் மூக்குத்தி காணோம். மூன்றிலுமே நிறம் ஒரு படி வெளுத்திருந்தது. அபாயாவில் மச்சம் தப்பியது. ஆனால் மூக்குத்தி போயிருந்தது, இரண்டு படத்தில் கண்ணுக்கு அடர்த்தியாக மை ஏறியிருந்தது.

“பிளேசர் போட்டா மூக்குத்தி போடக்கூடாதுன்னு இதுக்கு யாருட்டி சொன்னா?” என்றாள் தோழி. நல்ல கேள்வி. தென்காசியில் எந்த ஆபீஸுக்குப் போனாலும் மூக்குத்தியோடு வேலை பார்க்கும் பெண்களைப் பார்க்கலாம். கடையநல்லூர்ப் பக்கம் அபாயா போடும் பெண்களிலும் மூக்குத்தி போட்டவர்கள் உண்டு.

ஏன் இப்படி நடக்கிறது?

நாம் துணி என்று ஒன்று, முகம் என்று ஒன்று தனித்தனியாக நினைக்கிறோம். இந்த மாடல் அப்படி நினைப்பதில்லை. அது பழைய சட்டையைக் கழற்றிப் புதுச் சட்டையை மாட்டுவது இல்லை. நாம் கொடுத்த போட்டோவைப் பார்த்துக்கொண்டு, முழுப் படத்தையும் முதலில் இருந்து புதிதாக உருவாக்குகிறது. முகமும் அதில் அடக்கம். ‘முகத்தை மாத்தாதே’ என்ற வரி ஒரு பூட்டு அல்ல, ஒரு வேண்டுகோள். கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

அடுத்தது, ப்ராம்ப்ட்டில் உள்ள ஒவ்வொரு வார்த்தையும் படம் முழுவதையும் தொடும். ‘பிளேசர்’ என்ற வார்த்தை தோளோடு நிற்காது. அந்த மாடல் கற்றுக்கொண்ட படங்களில் பிளேசரோடு எப்படிப்பட்ட முகங்கள், எந்த நிறம், எந்த வெளிச்சம் அதிகம் இருந்தனவோ, அந்தப் பக்கம் படம் முழுவதையும் கொஞ்சம் இழுக்கும். பட்டுச் சேலை என்றால் கல்யாண ஆல்பம் பக்கம் இழுக்கும். அதனால்தான் கூடவே மல்லிகையும் தூணும் வருகின்றன.

அதாவது, உடை வார்த்தையை மட்டும் மாற்றும் பட்டியல் தெரியாமலேயே ஒரு நல்ல சோதனையாக ஆகிவிடுகிறது. மற்ற எல்லாம் அப்படியே இருக்க, ஒரு வார்த்தை மாறியதும் கூடவே என்ன மாறுகிறது என்று பார்த்தால், அந்த உடைக்கு ‘பொருத்தமான’ பெண் யார் என்று அந்த மாடல் வைத்திருக்கும் எண்ணம் வெளியே வருகிறது. எங்கள் 21 படங்களில் அது சொன்னது, ஆபீஸ் என்றால் கொஞ்சம் வெளுத்த பெண். 21 படத்தை வைத்து எல்லா ஆப்பும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் படங்களைச் சரிபார்க்காமல் கேட்லாக்கில் போட்டிருந்தால், அந்த எண்ணத்தைத் தன் தங்கச்சி முகத்தில் ஒட்டி ஊருக்குக் காட்டியவள் என் தோழியாகத்தான் இருப்பாள்.

இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு. முழு உயரப் படத்தில் முகம் ரொம்பச் சின்னது. மச்சம் நாலைந்து பிக்செல்தான். படத்தைச் சுருக்கி உள்ளே வாங்கும்போதே அது தொலைந்துவிடலாம். இடுப்பு வரை உள்ள போட்டோவைக் கொடுத்தால் அடையாளங்கள் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

சரி, எப்படித் திருத்துவது?

இரண்டாவது சுற்றில், மாறாத பாதியில்தான் கை வைத்தோம். ‘முகத்தை அப்படியே வை’ என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிட்டு, இடது மூக்கில் சின்னத் தங்க மூக்குத்தி, உதட்டுக்குக் கீழே மச்சம், மாநிறம், வெறும் வெள்ளைச் சுவர், காதில் சின்னத் தோடு மட்டும் என்று இருப்பதைப் பெயர் சொல்லி எழுதினோம். மூக்குத்தி திரும்ப வந்தது. தூண் மறைந்தது. பிளேசரில் ஒரு படம் மட்டும் இன்னமும் வெளுத்தே வந்தது. அதைத் தூக்கிவிட்டோம்.

முகத்தை நிஜமாகவே பூட்ட வேண்டும் என்றால் வேறு வழி. துணி இருக்கும் பகுதியை மட்டும் விரலால் தேய்த்து, அதற்குள் மட்டும் புதிதாக வரையச் சொல்லும் வசதி சில எடிட்டிங் ஆப்களில் இருக்கிறது. தேய்க்காத இடத்தில் முகம் ஒரிஜினலாகவே இருக்கும். அதற்கும் எல்லை உண்டு. சுடிதார் துப்பட்டாவின் உருவத்தைத் தேய்த்துவிட்டு பிளேசர் கேட்டால், தோளில் அந்தத் துப்பட்டாவின் மேடு மிச்சம் இருக்கும். கழுத்து ஓரத்தில் வெளிச்சம் ஒட்டாது. தலையை மூடும் உடைக்கு முடியையும் காதையும் தேய்த்தாக வேண்டும். அங்கே முகத்தின் ஓரம் திரும்பவும் அதன் கைக்குப் போய்விடும்.

சேலை விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் படத்தில் இருக்கும் சேலையும் உங்கள் பீரோவில் இருக்கும் சேலை அல்ல. துணியின் போட்டோவைச் சேர்த்துக் கொடுத்தாலும் பார்டரில் உள்ள பூவின் எண்ணிக்கை மாறும், கரையின் அகலம் மாறும், முந்தானை டிசைன் அதுவாக ஒன்றைக் கற்பனை செய்யும். சங்கரன்கோவில் தறியில் நெய்த காட்டன் சேலையை வாங்குகிறவர் அந்தக் கரையைப் பார்த்துத்தான் வாங்குகிறார். அழகுக்கு ஏஐ படம் போடுங்கள், தப்பில்லை. பக்கத்திலேயே வெயிலில் விரித்து எடுத்த நிஜத் துணியின் படமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிட்டர்ன் வரும், கூடவே கெட்ட பெயரும் வரும்.

ஆறாவது வரி

இப்போது நான் தள்ளிக்கொண்டே வந்த வரிக்கு வருகிறேன். அருவிக்குக் கீழே நனைந்த வெள்ளைச் சேலை.

தோழி அதைக் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. “சீசன் நேரம்ட்டி. குத்தாலம் படம் போட்டா ஆர்டர் வரும்னு நெனச்சேன்” என்றாள். பட்டியல் வேகத்தில் வந்த வரி அது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதும்போது ஆறாவதும் முந்தைய ஐந்தைப் போல ஒரு ‘டிரெஸ்’ஸாகத்தான் தெரிகிறது. ஆனால் வந்த மூன்று படத்திலும் இடுப்பு ஒல்லியாகி இருந்தது, கழுத்து நாங்கள் கேட்காமலேயே இறங்கி இருந்தது, துணி உடம்போடு ஒட்டி இருந்தது. முகம் மட்டும் மச்சம், மூக்குத்தி உட்பட அச்சு அசலாக அந்தப் பெண்ணுடையது. 21 படத்தில் முகம் ரொம்பச் சரியாக வந்தவை இவை என்பதுதான் கொடுமை.

தங்கச்சி அந்தப் படத்தைத் தோழியின் போனில் பார்த்தாள். சத்தம் போடவில்லை. “அக்கா, சேலைக்குத்தானே சரின்னேன். இதுக்கு என்ட்ட எப்போ கேட்ட?” என்றாள்.

குற்றாலம் போனவர்களுக்குத் தெரியும். மெயின் அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் தனி. அந்தப் பக்கம் பார்த்து யாராவது போனைத் தூக்கினால் போலீஸ் வரவே வேண்டாம், சுற்றி நிற்கிறவர்களே உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். கேமராவை வைத்து எடுக்கக் கூடாது என்று ஊரே ஒத்துக்கொண்ட ஒரு படத்தை, அருவிப் பக்கமே போகாத ஒரு பெண்ணின் முகத்தில் ஆறு வார்த்தையில் எடுத்துவிட்டோம். கையில் கேமரா இல்லை என்பதால் தப்பு செய்கிற உணர்வே வரவில்லை.

இது வீட்டுக்குள் நடந்தது, வீட்டுக்குள் முடிந்தது. எல்லா இடத்திலும் அப்படி முடிவதில்லை. 2025 ஜூலையில் அசாமில், ஒரு பெண்ணின் முகத்தை வைத்து ஏஐ படங்களும் வீடியோக்களும் உருவாக்கி, இன்ஸ்டாவில் லட்சக்கணக்கான ஃபாலோயர்களைச் சேர்த்ததாக அவருடைய முன்னாள் நண்பர் கைது செய்யப்பட்டார். அந்தக் கணக்கிலும் சேலைப் படங்கள் இருந்தன. அதைத் தாண்டியும் போனது. ஒரே முகம், மாறும் உடை என்ற அதே உத்திதான்.

சம்மதம் முகத்துக்கா, வரிக்கா?

‘உன் போட்டோவை யூஸ் பண்ணிக்கட்டுமா?’ என்று கேட்டு ‘ம்’ வாங்குவதைத்தான் நாம் சம்மதம் என்கிறோம். ஒரு போட்டோ ஒரு போட்டோவாகவே இருந்த காலத்தில் அது போதும். இப்போது ஒரு போட்டோ என்பது எழுதி முடியாத பட்டியலின் முதல் பாதி. யாரோ ஒருவர் இரண்டாம் பாதியை எழுதிக்கொண்டே போகலாம். அதனால் சம்மதம் முகத்துக்கு அல்ல, ஒவ்வொரு வரிக்கும் வாங்க வேண்டும்.

2025 மார்ச்சில் எச்&எம் நிறுவனம் 30 மாடல்களின் டிஜிட்டல் நகல்களை உருவாக்கப்போவதாக அறிவித்தபோது, அந்த நகலின் உரிமை அந்தந்த மாடலுக்கே என்றும், பயன்படுத்தும்போது அவர்களுக்குப் பணம் உண்டு என்றும் சொன்னது. ‘அது பெரிய கம்பெனி, வக்கீல் இருக்கான், நமக்கு எதுக்கு?’ என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாடலுக்கு வக்கீல் இருக்கிறார், ஒப்பந்தம் இருக்கிறது. சித்தி மகளுக்கு இரண்டும் இல்லை. அக்காவிடம் ‘வேணாம்’ என்று சொல்வதே அவளுக்குக் கஷ்டம். அதனால் கேட்க வேண்டிய பொறுப்பு இங்கேதான் கூடுதல்.

செலவும் ஒன்றும் இல்லை. படத்தை உருவாக்குவதற்கு முன்னால் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எந்த வரி சரி, எந்த வரி வேண்டாம் என்று அவர் எழுதி அனுப்பட்டும். வந்த படங்களை வெளியிடும் முன் ஒரு முறை காட்டுங்கள், ஏனென்றால் சம்மதித்த வரியிலும் கழுத்து இறங்கலாம், நிறம் வெளுக்கலாம். வெளியிடும்போது ஏஐ படம் என்று எழுதுங்கள். 2026 பிப்ரவரியில் திருத்தப்பட்ட ஐடி விதிகள் இப்படிப்பட்ட படங்களுக்கு லேபிளைக் கட்டாயமாக்கிவிட்டன. நாளைக்கு அவர் ‘எடுத்துடு’ என்றால் எடுத்துவிடுங்கள். உங்கள் முகத்தை வேறு யாராவது இப்படிப் பயன்படுத்தினால், படத்தின் லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்கலாம்.

தோழி ஆறாவது வரியை நீக்கினாள். அந்த மூன்று படங்களையும் போனில் இருந்தும், ஆப்பின் ஹிஸ்டரியில் இருந்தும், போட்டோ பேக்கப்பில் இருந்தும் தங்கச்சி கண் முன்னாலேயே அழித்தாள். மிச்சம் இருந்ததில் தங்கச்சி நான்கு படத்தைத் தேர்ந்தெடுத்தாள். வெளுத்த பிளேசர் அதில் இல்லை.

பிறகு போனை வாங்கி, “நானும் ஒரு வரி எழுதுதேன்” என்று அவளே டைப் செய்தாள்: காட்டன் நைட்டி, மேலே ஒரு துண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்காசியில் பால் வாங்க வாசலுக்கு வரும் பாதிப் பேர் போட்டிருக்கும் உடை. மூன்று முறை ஓட்டினோம். மூன்று முறையும் அது அவளுக்கு ஹோட்டல் பாத்ரோபை மாட்டிவிட்டது.